அந்த ஃபைலை நான் திறக்கல

கேள்வி: அண்ணா, கல்யாணமாகி எட்டு வருஷம், ஆறு வயசுல பொண்ணு இருக்கா. நாலு மாசமா வொய்ஃப் சரியில்ல. போனைக் கவுத்து வைக்கிறா, பாஸ்வேர்டு மாத்திட்டா, நைட்டு ஒரு மணி வரைக்கும் ஆன்லைன்ல இருக்கா. அவ தூங்கும்போது விரலை வச்சு போனைத் திறந்து, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரோட பேசின வாட்ஸப் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துட்டேன். ஃபைலை இதோட அனுப்பியிருக்கேன். 'அவர் வீட்ல இருக்கார், அப்புறம் பேசலாம்'னு ஒரு இடத்துல இருக்கு. படிக்கப் படிக்க பைத்தியம் பிடிக்குது. நீங்க வெளி ஆளு, முழுசா படிச்சிட்டு தப்பு இருக்கா இல்லையானு மட்டும் சொல்லுங்க. பேர் வேண்டாம்.
- திருப்பூர் வாசகர்

பதில்: தம்பி, ஃபைலை திறக்கல. மெயில்லேர்ந்து அழிச்சாச்சு, ஆபீஸ்ல வேற யாரும் பாக்கவும் இல்ல. படிச்சு தீர்ப்பு சொல்லப் போறதும் இல்ல. இதோட நிறுத்திட்டு 'மனசு விட்டுப் பேசுங்க'னு ஒரு வரி போட்டு முடிச்சா உங்களுக்கு என் மேல கோவம் வரும், நியாயமான கோவம்தான், அதனால காரணத்தையும் சொல்லிடறேன்.

கடிதத்துல நீங்களே எழுதியிருக்கிற அந்த ஒரு வரியையே எடுத்துக்கலாம். வேற ஒருத்தரோட பழக்கம் வச்சிருக்கிற பொண்ணு எழுதக்கூடிய வரிதான், இல்லைங்கல. ஆனா வேற கம்பெனிக்கு ட்ரை பண்ணிட்டு அதை வீட்ல இன்னும் சொல்லாத பொண்ணும் இதையேதான் எழுதுவா. நகையை அடகு வச்சு அவங்க அண்ணனுக்கு பணம் குடுத்துட்டு உங்களுக்குத் தெரிஞ்சிடுமோனு பயப்படுறவளும் எழுதுவா. ஆம்பளை ஃப்ரெண்டு கிட்ட சாதாரணமா பேசினாலே புருஷன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான், எதுக்கு வம்புனு ஒதுங்கிப் போறவளும் இதையே எழுதுவா. இதுல உங்க வொய்ஃப் எந்த ஆளுனு அந்த ஃபைலுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, ஒரு வரி தெரியாது, மொத்த சாட்டையும் படிச்சா தெரியாதானு கேப்பீங்க. எக்ஸ்போர்ட் பண்ணா வர்றது வெறும் எழுத்து மட்டும் இருக்கிற ஒரு டெக்ஸ்ட் ஃபைல். மீடியா இல்லாம எடுத்திருந்தீங்கனா போட்டோ, வாய்ஸ் நோட் இருந்த இடத்துல எல்லாம் `<Media omitted>`னு மட்டும் நிக்கும், அழிச்சது இருந்தா `This message was deleted`னு நிக்கும். இதைவிட பெரிய சிக்கல் என்னன்னா, எந்த மெசேஜை இழுத்துப் பிடிச்சு ரிப்ளை பண்ணாங்களோ அந்த இணைப்பு ஃபைல்ல வராது. உதாரணத்துக்கு அந்த ஆள் காலைல பழைய டீம் போட்டோ ஒண்ணு போடுறார்னு வைங்க, நடுவுல நாப்பது மெசேஜ் ஓடுது, ராத்திரி பதினொன்னரைக்கு அந்த போட்டோவுக்கு ரிப்ளையா இவ 'ரொம்ப மிஸ் பண்றேன்'னு போடுறா. போன்ல பார்த்தா போட்டோவும் பதிலும் ஒண்ணா தெரியும். உங்க ஃபைல்ல ராத்திரி பதினொன்னரை, 'ரொம்ப மிஸ் பண்றேன்', அவ்ளோதான். இதைப் படிச்சிட்டு யாராவது என்ன முடிவுக்கு வருவாங்க? அதுலயும் நீங்க என்ன தேடச் சொன்னீங்கங்கறது முன்னாடியே தெரிஞ்ச ஆளு படிச்சா அவனுக்கு எல்லா ஸ்மைலியும் தப்பாத்தான் தெரியும்.

இன்னொண்ணு, 'இதுல ஒண்ணும் இல்ல தம்பி'னு நான் எழுதினா நீங்க அன்னிக்கு நைட்டு நிம்மதியா தூங்குவீங்களா? ரெண்டு நாள்ல 'அழிச்சிருப்பா', 'இன்ஸ்டால பேசுவாங்க'னு ஆரம்பிக்கும், அடுத்த ஃபைல் வரும். 'இருக்கு'னு எழுதினா, முகமே தெரியாத ஒருத்தன் பேச்சை வச்சு ஒரு குடும்பம் ரெண்டாகும், உங்க வொய்ஃப்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. ரெண்டையும் நான் செய்யல.

இப்ப உங்களுக்குப் பிடிக்காத விஷயம். தூங்குறவ விரலை எடுத்து போன்ல வச்சிருக்கீங்க. கல்யாணம் ஆனதால அது சும்மா ஆயிடாது. அனுமதி இல்லாம ஒருத்தரோட போனுக்குள்ள போய் டேட்டாவை எடுக்கறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல 43-வது பிரிவுல வருது, கெட்ட நோக்கத்தோட செஞ்சதா நிரூபணமானா 66-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைனா அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைனா ரெண்டுமே. 'கோர்ட்டே ரெக்கார்டிங்கை ஏத்துக்கலாம்னு சொல்லிடுச்சே'னு யாராவது சொல்லியிருக்கலாம். 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொன்னது புருஷன் பொண்டாட்டி தங்களுக்குள்ள பேசிக்கிட்டதை ஒருத்தர் ரெக்கார்டு பண்ண கேஸ். உங்க கையில இருக்கிறது அவ மூணாவது ஆளோட பேசினது. 2024 அக்டோபர்ல மதுரை ஹைகோர்ட் கிளை, பொண்டாட்டிக்குத் தெரியாம அவ கால் லிஸ்ட்டை எடுத்து குடுத்த புருஷனோட ஆதாரத்தை தள்ளுபடி பண்ணியிருக்கு. இதுல எது உங்களுக்குப் பொருந்தும்னு வக்கீல்தான் சொல்லணும், பத்திரிகை ஆசிரியர் இல்ல. நோட்பேட்ல திறந்து யார் வேணா மாத்தக்கூடிய ஃபைலை மட்டும் நீட்டினா எந்த கோர்ட்லயும் கேள்வி வரும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

ஆனா உங்க கவலை கற்பனைனு நான் ஒரு இடத்துலயும் சொல்லல. போன் கவுத்து வைக்கறதும் பாஸ்வேர்டு மாத்தினதும் ராத்திரி ஒரு மணியும் நீங்க கண்ணால பார்த்தது, அதைப் பத்தி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, எந்த ஃபைலும் தேவையில்ல. பொண்ணு பாட்டி வீட்ல இருக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல பேசுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டாம், நடுவுல அவ போனும் வேண்டாம். முதல்ல நீங்க செஞ்சதை சொல்லிடுங்க: 'உன் போனை எனக்குத் தெரியாம இருக்கணும்னு நீ வச்சிருந்தும் திறந்து படிச்சேன், ஒரு ஆளுக்கும் அனுப்பினேன்'னு. அவ கத்துவா, கத்தட்டும். இதை மறைச்சிட்டு நீங்க கேக்குற எந்தக் கேள்வியும் போலீஸ் விசாரணை மாதிரிதான் இருக்கும், அதுவும் பின்னாடி தெரிய வந்தா பேச்சு மொத்தமும் உங்க திருட்டைப் பத்தி ஆயிடும். அப்புறம் ஒரே கேள்வி: 'நாலு மாசமா நீ என்கிட்டேர்ந்து தள்ளிப் போற மாதிரி இருக்கு, என்ன நடக்குது, வேற யாராவது இருக்காங்களா?' நேரா கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க, அதுதான் கஷ்டம்.

'ஆமா'னு சொன்னா அன்னிக்கே விவாகரத்து, மாமனாருக்கு போன்னு ஆரம்பிக்காதீங்க, ரெண்டு நாள் தங்கறதுக்கு ஒரு இடம் யோசிச்சு வைங்க. உடல்ரீதியா நடந்திருக்குனா அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம் இருக்கும், எச்ஐவி டெஸ்ட் இலவசம், ரெண்டு பேரும் பார்த்துக்கலாம். 'இல்ல'னு சொன்னா அதோட காரணத்தையும் கேளுங்க, அது கடனா இருக்கலாம், வேலையா இருக்கலாம், நீங்களா கூட இருக்கலாம். பதிலே சொல்லாம ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போனா, ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு குடும்ப ஆலோசகர்கிட்ட போங்க. அவ வரலைனா நீங்க மட்டும் போங்க. அதுவரைக்கும் தூக்கமே இல்லைனா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்ல பேசலாம்.

அந்த ஃபைல் உங்க டவுன்லோட்ஸ்லயும் சென்ட் மெயில்லயும் இன்னும் கிடக்கும். கோர்ட்டுக்குப் போற எண்ணம் இருந்தா வக்கீலைக் கேட்டுட்டு அதை என்ன பண்றதுனு முடிவு பண்ணுங்க, இல்லைனா இன்னிக்கே அழிச்சிடுங்க. பேசி முடிச்சிட்டு கடிதம் போடுங்க, பதில் எழுதறேன், அட்டாச்மெண்ட் மட்டும் வேண்டாம்.