டபுள் கிளாஸ் போட்டும் அலுமினிய பிரேம் ஏன் சில்லென்று இருக்கிறது? கேள்வி பதில்

அலுமினிய ஜன்னல், கதவு செய்து பொருத்துவதுதான் என் தொழில். பிரேம் வழியாகப் போகும் வெப்பத்தைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாலதி: ஆர்கான் வாயு அடைத்த டபுள் கிளாஸ், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-இ பூச்சு எல்லாம் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். குளிர்காலத்தில் கண்ணாடி நடுவில் ஈரமே இல்லை, ஆனால் பிரேம் முழுக்கத் தண்ணீர் வழிகிறது. கண்ணாடியில் ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

இல்லைம்மா, கண்ணாடி நடுவில் காய்ந்திருக்கிறது என்றாலே அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம். கோளாறு பிரேமில்தான். வீட்டுக்குள் 20 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே போகிற எந்தப் பரப்பிலும் பனித்துளி பிடிக்கும். வெளியே 0 டிகிரி இருக்கும்போது உங்கள் கண்ணாடியின் உள்பக்கம் 17 டிகிரி வாக்கில் இருக்கும், அதனால் அங்கே ஈரம் வராது. தெர்மல் பிரேக், அதாவது உள் அலுமினியத்தையும் வெளி அலுமினியத்தையும் பிரிக்கும் பிளாஸ்டிக் பட்டை, இல்லாத அலுமினிய பிரேமின் உள்பக்கமோ 5 டிகிரிக்குப் போய்விடும். தண்ணீர் அங்கே வழியாமல் வேறு எங்கே வழியும்? சமைப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது என்று வீட்டில் ஈரம் ஏற ஏற இது இன்னும் மோசமாகும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காற்று மாற்றினால் ஈரம் குறையும், ஆனால் பிரேம் சூடாகாது.

கதிர்: அப்படியென்றால் நல்ல கனமான செக்‌ஷனாகப் போட்டால் போதாதா? எங்கள் ஊர் கான்ட்ராக்டர் 2 மில்லிமீட்டர் கனம் என்றார், சுவர் கனமாக இருந்தால் சூடு கடக்க நேரமாகும் இல்லையா?

செங்கல் சுவருக்கு நீங்கள் சொல்வது சரி தம்பி, அலுமினியத்துக்கு அது பொருந்தாது. பிரேமுக்குப் பயன்படுத்தும் அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் பிளாஸ்டிக்கை விடப் பல நூறு மடங்கு வேகம். 1 மில்லிமீட்டரோ 3 மில்லிமீட்டரோ, அந்த உலோகம் தரும் தடை ஏறக்குறைய பூஜ்யம்தான். அப்படியானால் தடுப்பது எது? பிரேமின் உள்பரப்பில் ஒட்டியிருக்கும் காற்று, வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும் காற்று, இவை இரண்டும்தான். கணக்குப் போடும்போது இந்தத் தடையை உள்பக்கத்துக்கு 0.13, வெளிப்பக்கத்துக்கு 0.04 என்று எடுப்பார்கள், கூட்டினால் 0.17. ஒன்றை அதனால் வகுத்தால் 5.9 வருகிறது, அதுதான் இந்த வகை பிரேமின் யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக இத்தனை வாட் வெப்பம் போகும். ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பும் கிட்டத்தட்ட இதுவே. அதாவது எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அதைச் சுற்றிலும் ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். கனம் கூட்டுவது காற்றழுத்தத்தைத் தாங்கவும் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கவும் உதவும், அதற்காக மட்டும் கேளுங்கள்.

ரஹீம்: பிரேம் ஜன்னலில் கொஞ்ச இடம்தானே எடுத்துக்கொள்கிறது? அந்தப் பணத்தில் மூன்று அடுக்குக் கண்ணாடி போடலாம் என்று நினைக்கிறேன்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறைய பேர் பணத்தைத் தவறான இடத்தில் போடுவது இங்கேதான். 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஜன்னல். சட்டமும் திறந்து மூடும் பல்லாவும் சேர்ந்து நாலு பக்கமும் 80 மில்லிமீட்டர் தெரிகிறது. மொத்தம் 1.8 சதுர மீட்டர், அதில் கண்ணாடி 1.39, பிரேம் 0.41. கண்ணாடியின் யூ மதிப்பு 1.1, பிரேமுக்கு 5.9. உள்ளே 20, வெளியே 0 டிகிரி இருந்தால் கண்ணாடி வழியாகப் போவது 31 வாட், பிரேம் வழியாக 48 வாட், கண்ணாடி ஓரத்தில் 5 வாட். கால் பங்குகூட இல்லாத பிரேம், பாதிக்கு மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது.

இப்போது நீங்கள் சொன்னபடி பிரேமைத் தொடாமல் மூன்று அடுக்குக் கண்ணாடி போடுகிறோம், யூ மதிப்பு 0.7. கண்ணாடியில் 31 வாட் 20 ஆகக் குறைகிறது, பிரேமின் 48 அப்படியே நிற்கிறது. மொத்தம் 72 வாட் பக்கம். அதே டபுள் கிளாஸை வைத்துக்கொண்டு யூ மதிப்பு 2.5 உள்ள தெர்மல் பிரேக் பிரேம் போட்டால் பிரேம் வழியாகப் போவது 20 வாட்டாக இறங்கும், மொத்தம் 61 வாட்தான். பிரேமின் உள்பரப்பும் 5 டிகிரியிலிருந்து 13க்கு ஏறிவிடும், மாலதி சொன்ன தண்ணீரும் நின்றுவிடும். ஜன்னல் சின்னதாகவோ குறுக்குச் சட்டங்கள் நிறைந்தோ இருந்தால் பிரேமின் பங்கு இன்னும் கூடும். சுவர் முழுக்க ஒரே கண்ணாடி என்றால் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு.

செந்தில்: கடையில் எல்லாருமே தெர்மல் பிரேக் என்றுதான் சொல்கிறார்கள். நிஜமாகவே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வெட்டுத் துண்டு கேளுங்கள், இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். துண்டின் வெட்டு முகத்தைப் பார்த்தால் உள் அலுமினியம் தனி, வெளி அலுமினியம் தனி, நடுவில் இரண்டு கறுப்புப் பட்டைகள் என்று இருக்க வேண்டும். ஒரு பக்க அலுமினியத்தில் விரலை வைத்து உலோகத்தின் மேலேயே நகர்த்திப் பாருங்கள், எங்கேயாவது மறுபக்கம் போய்ச் சேர முடிந்தால் அது தெர்மல் பிரேக் இல்லை. பார்வைக்கு மட்டும் கறுப்பு ரப்பரைச் செருகி, அடியில் அலுமினியம் தொடர்ந்து ஓடும் செக்‌ஷனையும் பார்த்திருக்கிறேன்.

பட்டை எதனால் ஆனது என்றும் கேளுங்கள். கண்ணாடி இழை கலந்த பாலியமைடுதான் வேண்டும். அலுமினியக் காடியில் சின்னச் சின்னப் பல் வெட்டி, பட்டையை நுழைத்து, உருளை வைத்து அழுத்திக் கவ்வ வைப்பார்கள். பாலியமைடு சூட்டில் விரிவது ஏறக்குறைய அலுமினியம் அளவுக்குத்தான், பவுடர் கோட்டிங் அடுப்பின் 200 டிகிரிச் சூட்டையும் தாங்கும். பி.வி.சி. பட்டை மலிவு, ஆனால் விரிவது பல மடங்கு, சீக்கிரம் இளகியும் விடும், நாள்பட அந்தப் பிடி தளர்ந்துபோகும். இன்னொரு முறையும் உண்டு: காடியில் பாலியூரித்தேன் ஊற்றி, இறுகிய பிறகு அடியில் இருக்கும் அலுமினியப் பாலத்தை அறுத்து எடுப்பது. அதுவும் நல்ல முறைதான், அறுப்பதை அரைகுறையாக விடாத வரை.

விமலா (கட்டடப் பொறியாளர்): பட்டையோடு நிறுத்திவிட்டீர்கள். கண்ணாடி ஓரத்தில் இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் அலுமினிய ஸ்பேசர் இருந்தால் தெர்மல் பிரேக் பிரேமில் ஓர இழப்பு கூடத்தானே செய்கிறது? உங்கள் கணக்கிலேயே அது தெரிகிறதே.

கவனித்துப் படித்திருக்கிறீர்கள் மேடம். பழைய பிரேமில் ஓரத்துக்கு 5 வாட், தெர்மல் பிரேக் பிரேமில் 10 வாட் என்று வைத்துத்தான் 61 வந்தது. பிரேமே ஓட்டையாக இருக்கும்போது ஓரத்தின் பங்கு தனியாகத் தெரியாது, பிரேமை அடைத்தவுடன் வெப்பம் ஸ்பேசர் வழியைத் தேடுகிறது. வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் வார்ம் எட்ஜ் ஸ்பேசர் போட்டால் அந்த 10 வாட் 8க்கு இறங்கும். வாட் கணக்கில் அது சின்னதுதான், ஆனால் கண்ணாடியின் கீழ் விளிம்பில் கோடு போல ஈரம் நிற்பது அதனால் குறையும், அதற்காகவே நான் போடச் சொல்கிறேன். பட்டை அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் காற்று சுழன்று வெப்பத்தைக் கடத்தும், அப்போது நுரை அடைத்தால்தான் பலன்.

விமலா: நுரை விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிரேமுக்குள் வரும் மழைத்தண்ணீர் வடிய வழி வேண்டும், நுரை அதை அடைத்துவிட்டால்?

வடிகால் ஓட்டை இருக்கும் அறையில் நுரை போடக் கூடாது, பட்டைகளுக்கு நடுவில் மட்டும்தான். தொழிற்சாலையிலேயே வைத்து வந்தால் பயமில்லை. சைட்டில் ஸ்ப்ரே அடிப்பவர்கள் விஷயத்தில் உங்கள் தயக்கம்தான் எனக்கும்.

ஜோசப்: நான் நல்ல தெர்மல் பிரேக் பிரேம்தான் போட்டேன். ஆனாலும் கீழ்ச் சட்டத்தில் மட்டும் காலையில் ஈரம். மற்ற மூன்று பக்கமும் காய்ந்திருக்கிறது.

மூன்று பக்கம் நன்றாக இருக்கிறது என்றால் செக்‌ஷனில் குறை இல்லை, பொருத்தியதில்தான் எங்கேயோ வெப்பம் கடக்கப் பாலம் அமைந்துவிட்டது. முதல் சந்தேகம் வெளியே ஜன்னலுக்கு அடியில் இருக்கும் அலுமினிய சில் தகடு. அது பட்டையைத் தாண்டி உள் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தெர்மல் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அடுத்தது, பிரேமுக்கு அடியில் வைத்த இரும்புக் குழாயோ தகடோ வெளியிலிருந்து உள்ளே வரை ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஜன்னலைச் சுவரின் வெளி விளிம்பில் தள்ளிப் பொருத்தியிருந்தால் பிரேமின் உள்பாதியே குளிர்ந்த காரையில் உட்கார்ந்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ராத்திரி துடைத்துவிட்டுக் காலையில் முதலில் எங்கே துளி பிடிக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ இருக்கும் இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் ஸ்க்ரூ பட்டையைக் கடந்து போயிருக்கிறது, நீளக் கோடாக இருந்தால் தகடு. இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்துப் பார்ப்பதானால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேரடியாகக் காட்டாதீர்கள், அது அறையின் பிரதிபலிப்பையே அளக்கும். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் பாருங்கள்.

பிரியா: தெருச் சத்தம் தாங்கவில்லை, தெர்மல் பிரேக் போட்டால் குறையுமா?

அதனால் குறையாது. சத்தத்துக்கு லேமினேட்டட் கண்ணாடியும் நல்ல கேஸ்கட்டும் பாருங்கள், இது வெப்பத்துக்கு மட்டும்.

அன்வர்: நாங்கள் இருப்பது வெயில் ஊர், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கும் இது தேவையா?

மேலே சொன்ன அதே ஜன்னலில், வெளியே 40, உள்ளே 24 என்றால் தெர்மல் பிரேக் மிச்சப்படுத்துவது 18 வாட் அளவுக்குத்தான். நேர் வெயில் அந்தக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுந்து பாதி உள்ளே வந்தாலே 350 வாட் ஆகிவிடும். அதனால் முதலில் நிழல், அப்புறம் வெயிலைத் தடுக்கும் கண்ணாடி, அதற்குப் பிறகுதான் பிரேம். ஆனால் அடர் நிற பிரேம் மேற்கு வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், பிரேக் இல்லாவிட்டால் அந்தச் சூடு நேரே உள்ளே வரும், அதைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. என் கூட வேலை செய்பவர்களிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. அடர் நிறத்தில், தெர்மல் பிரேக்கோடு, உயரமான கதவு போட்டால் வெளி அலுமினியம் சூட்டில் நீளும், உள் அலுமினியம் நீளாது. 2.2 மீட்டர் கதவில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நீள வேறுபாடு வரும், அதில் கதவு சில மில்லிமீட்டர் வளைந்து மதியம் பூட்டு விழாமல் அடம்பிடிக்கும், சாயங்காலம் சரியாகிவிடும். வெளிர் நிறம் எடுங்கள், அல்லது இரு பாதியும் தனித்தனியே நகர இடம் தரும் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாலதி: கடைசியாக ஒன்று அண்ணா, இருக்கிற பிரேமுக்குப் பிறகு தெர்மல் பிரேக் வைக்க முடியுமா?

முடியாதும்மா, செக்‌ஷன் செய்யும்போதே வைக்க வேண்டியது அது. பிரேமை மாற்றாமல் செய்யக்கூடியது, உள்பக்கச் சுவரில் தனியாக இன்னொரு ஜன்னல் சட்டம் அடித்து, பழைய பிரேம் முழுவதும் அதற்குப் பின்னால் மறைகிற மாதிரி வைப்பது. உள் ஜன்னலின் ரப்பர் சீல் நன்றாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு ஈரக்காற்று இடைவெளிக்குள் புகுந்து பழைய பிரேமில் தண்ணீராக நிற்கும், அதைத் துடைக்கக் கைகூட எட்டாது. திறக்கிற மாதிரியே செய்துகொள்ளுங்கள்.