முதல் வேலைக்கு 11 புள்ளி, இப்போதைய வேலைக்கு 4 புள்ளியா?

கேள்வி: கணக்குத் துறையில் 14 ஆண்டு அனுபவம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் (2011–2016), ஈரோட்டில் ஒரு நூற்பாலை (2016–2020), இப்போது கோவையில் பல கிளைகள் உள்ள ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். ரெஸ்யூமேயில் செய்த பணிகளை வரிவரியாகச் சொல்லும் புள்ளிகள் முதல் வேலைக்கு 11, நூற்பாலைக்கு 7, இப்போதைய வேலைக்கு 4 இருக்கின்றன. ஒருவர் 3,500 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக ஆக்கி, நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை வடிகட்டும் மென்பொருளில் 90 சதவீத மதிப்பெண் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், கோவை

பதில்: கொடுக்காதீர்கள். இப்போதைய வேலைக்கு 6, நூற்பாலைக்கு 3, முதல் வேலைக்கு 2 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 11 புள்ளிகள். படிப்பு, மென்பொருள் அறிவு எல்லாம் சேர்த்து இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். இப்படி ஆனதற்குக் காரணம் எளிது. 2016-இல் வேலை மாறும்போது முதன்முதலாக ரெஸ்யூமே எழுதியிருக்கிறீர்கள். அப்போது கையில் இருந்தது ஒரே வேலை, ஆகவே பக்கத்தை நிரப்ப 11 புள்ளிகள். பிறகு ஒவ்வொரு வேலையையும் மேலே ஒட்டிக்கொண்டே வந்தீர்களே தவிர, கீழே இருந்ததைத் தொடவில்லை. அந்தப் பதினொன்றில் வவுச்சர் பதிவு, சில்லறைச் செலவுக் கணக்கு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், கோப்புப் பராமரிப்பு என்று ஏழு புள்ளிகள் எந்த உதவிக் கணக்கரும் முதல் ஆண்டிலேயே செய்பவை. 14 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு வவுச்சர் போடத் தெரியும் என்பதை யாரும் எழுதிப் படிக்க வேண்டியதில்லை. முதலில் அந்த ஏழையும் அடித்துவிடுங்கள்.

இனி காலம். உங்கள் மூன்று வேலைகளிலும் பெரும்பாலான புள்ளிகள் 'ஹேண்ட்லிங்', 'பிரிப்பேரிங்', 'மெயின்டெயினிங்' என்றே தொடங்குகின்றன. நம் ஊரில் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தமிழில் சொல்லிப் பார்த்தால் குறை புரியும். 'கையாளுதல்', 'தயாரித்தல்' என்பவை தொழிற்பெயர்கள். தொழிற்பெயர் காலம் காட்டாது. செய்துகொண்டிருக்கிறீர்களா, செய்து முடித்தீர்களா, பக்கத்து மேசைக்காரர் செய்ததைப் பார்த்தீர்களா என்பது அதில் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் 'நான்' என்ற சொல் மறைந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் செய்யும் வேலைக்கு 'கையாள்கிறேன்', அதாவது 'ஹேண்டில்'. விட்டு வந்த வேலைக்கு 'கையாண்டேன்', அதாவது 'ஹேண்டில்டு'. 'ஹேண்டில்ஸ்' என்று இறுதியில் 'ஸ்' வந்தால், அது 'அவர் கையாள்கிறார்' என்று ஆகிவிடும். வேலை விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவர்களின் ரெஸ்யூமேயில் இந்த 'ஸ்' காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வேலையில் நிகழ்காலம் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு உங்கள் பிரதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருப்பூர் வேலையின் ஐந்தாவது புள்ளியில், மாதந்தோறும் வாட் வரிக் கணக்குத் தாக்கல் செய்வதாக நிகழ்காலத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1 அன்று. ஆடைக்கு இன்று யாரும் வாட் தாக்கல் செய்வதில்லை. கணக்கு மேலாளர் ஒருவர் அந்த வரியைப் படித்தால், இவர் பல ஆண்டுகளாகத் தம் ரெஸ்யூமேயைத் தாமே படித்ததில்லை என்றுதான் முடிவுகட்டுவார்.

இப்போதைய வேலையில் மட்டும் இரண்டு காலமும் வரலாம். கிளைகளின் தினசரி விற்பனைத் தொகையை வங்கி வரவோடு ஒத்துப்பார்ப்பது தொடர்ந்து நடப்பது, அதற்கு நிகழ்காலம். 2022-இல் சரக்கிருப்புக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியது முடிந்துபோனது, அதற்கு இறந்தகாலம். தொடர்ந்து நடப்பவை நான்கையும் முதலில் வையுங்கள், முடிந்தவை இரண்டையும் பின்னால் வையுங்கள். மாறிமாறி வந்தால் படிப்பவர் தடுமாறுவார். இந்த வேலையை விட்டு விலகும் நாளில் ஆறையுமே இறந்தகாலத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நீளத்துக்கு ஒரு சோதனை போதும். ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். இப்போதைய வேலையின் புள்ளி எதுவும் இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. பழைய வேலைகளுக்கு ஒரே வரி. அடுத்த வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கினால், முன்வரியில் 'பல்வேறு', 'முறையாக', 'வெற்றிகரமாக' போன்ற ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால் போதும்.

மேலே சொன்ன 6, 3, 2 என்ற எண்ணிக்கைக்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்களுக்கே பொருந்தலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் மறுபடி ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், 2016-இல் முடிந்த திருப்பூர் வேலைதான் அங்கே அதிகம் பேசும். அதற்காக வேலைகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதியது மேலே, பழையது கீழே என்பது அப்படியே இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் 5, 2, 4 என்று ஆக்குங்கள். அப்போதும் மொத்தம் 11தான். இப்போதைய வேலையும் நூற்பாலையும் ஆளுக்கொரு புள்ளியை இழக்கும், திருப்பூருக்கு இரண்டு கூடும். திருப்பூரின் அந்த நான்கு புள்ளிகளுக்குள் வாட் வரக் கூடாது, அது காலாவதியான அறிவு. ஷிப்பிங் பில்லையும் வங்கிக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுப் பணத்தையும் ஒத்துப்பார்த்தது, ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தரும் வரியான டூட்டி டிராபேக் நிலுவையைப் பின்தொடர்ந்து வாங்கியது, இவை இன்றும் ஏற்றுமதிக் கணக்கில் அன்றாடம் தேவைப்படுபவை. ஏற்றுமதிப் பணம் உரிய காலத்தில் வராவிட்டால் வாங்கிய டிராபேக்கை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். ஆகவே அந்த ஒரு வரியில் அவர் கண் நிற்கும். ஆனால் நான்கும் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும். நெருக்கம் காட்டுவதற்காக நிகழ்காலத்துக்கு மாற்றினால், இன்னும் அங்கேயும் வேலை பார்க்கிறீர்களோ என்ற ஐயம் எழும். நூற்பாலைக்கோ வேறு சில்லறை நிறுவனத்துக்கோ போட்டால் பழைய 6, 3, 2 போதும்.

இப்போது அந்த 3,500 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த மென்பொருளை வைத்திருக்கிறது, தனக்கு வேண்டிய சொற்களைத் தேடுகிறது. 90 சதவீதம் என்பது அவர் கையில் இருக்கும் ஏதோ ஒரு கருவி காட்டும் எண். பத்துப் பத்தாக ஆக்க அவர் செய்வது, வேலை விளம்பரங்களிலிருந்து வரிகளை அள்ளிக் கொட்டுவது. நேர்முகத்தில் 'இந்த ஆறாவது புள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் விழிக்கப் போவது நீங்கள். கணக்கர் பணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு, ஒரே நாளில் மூன்று விண்ணப்பங்களில் வந்திருக்கிறது. மூன்றையும் ஒதுக்கினோம்.

நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு கணக்கருக்கு 25 கடமைகளை விளம்பரத்தில் அடுக்குவது, ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகு அதே விவரங்களைப் பெட்டி பெட்டியாக மறுபடி தட்டச்சு செய்ய வைப்பது, இவைதான் நல்ல கணக்கர்களை இடைத்தரகர்களிடம் துரத்துகின்றன. அந்தப் பெட்டிகளை நிரப்பும்போதும் இதே 11 புள்ளிகளை, இதே காலத்தில், அப்படியே ஒட்டுங்கள். அவசரத்தில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று போனால் சரிபார்ப்பவருக்கு இரண்டும் முரண்படும்.

ஒருவேளை முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால், திருத்தக்கூடிய வேர்டு கோப்பை இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்த வேலை மாறும்போது ஒரு காலத்தை மாற்றக்கூட மறுபடி பணம் கேட்பார்கள்.