டேலியா கிழங்கு அழுகுகிறது, முளைக்கவும் மாட்டேன் என்கிறது

கேள்வி: வணக்கம் சார். ஓசூர்ல மாடித்தோட்டம் வச்சிருக்கேன். அக்டோபர் தொடக்கத்துல எட்டு டேலியா கிழங்கு ஆன்லைன்ல வாங்கி, 12 அங்குலத் தொட்டில அரை அடி ஆழத்துல நட்டேன். பாதி கோகோபீட், பாதி மண்ணும் மாட்டு எருவும். தினமும் தண்ணி ஊத்துனேன். மூணு கிழங்கு கூழா அழுகிப் போச்சு. மூணு ஒன்றரை மாசமாகியும் கல்லு மாதிரி அப்படியே இருக்கு, முளையே வரல. ரெண்டுதான் மூணடி வளர்ந்துச்சு. அதுவும் காத்துல சாய்ஞ்சு போச்சேன்னு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன். ஒரு வாரத்துல ஒரு செடி வாட ஆரம்பிச்சிடுச்சு. என்ன பண்றது?

பதில்:

வணக்கம் அம்மா. அழுகிய மூன்றில் இருந்து தொடங்குவோம். அதற்குக் காரணம் தினமும் ஊற்றிய தண்ணீர்தான். நட்ட கிழங்கில் அப்போது ஒரு வேர்கூடக் கிடையாது. நீங்கள் ஊற்றுவதை உறிஞ்ச ஆளில்லாமல், பாதி கோகோபீட் கலந்த அந்த ஈரக் கலவையில் கிழங்கு ஊறிக்கிடந்திருக்கிறது. போதாததற்கு அக்டோபர் மழை வேறு. மாட்டு எரு முழுதாக மக்காமல் இருந்திருந்தால் அழுகல் இன்னும் வேகமாகப் பரவும்.

அரை அடி ஆழமும் சேர்ந்து கெடுத்திருக்கிறது. நாலு முதல் ஆறு அங்குலம் ஆழம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தரையில் நடுவதற்கான கணக்கு. தொட்டியில் எப்போதுமே அடிப்பகுதி மண்தான் அதிக ஈரமாக இருக்கும், அங்கே கொண்டுபோய்க் கிழங்கை வைத்துவிட்டீர்கள். அடியில் ஜல்லி போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணில் அந்த ஈரம் அப்படியே நிற்கும், மண்ணின் உயரம்தான் குறையும். துளையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

அழுகிய கிழங்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கூழாகி நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல், அதை மருந்து ஊற்றிக் காப்பாற்ற முடியாது. வெள்ளை நூல்போல் படர்ந்து, கடுகளவு பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் பூசணம். இரண்டில் எதுவானாலும் அந்தத் தொட்டி மண்ணை மறுபடி கிழங்குக்குப் பயன்படுத்தாதீர்கள். நுனி மட்டும் அழுகியிருந்தால், வெள்ளைச் சதை தெரியும் வரை சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் சாம்பலோ கந்தகத் தூளோ தடவி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி வைத்துப் பார்க்கலாம். தண்டோடு சேரும் பகுதி அழுகியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இனி கல்லாகக் கிடக்கும் மூன்று. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். டேலியாவில் அப்படி இல்லை. கிழங்கு என்று நாம் சொல்வது தடித்த வேர், அதில் எங்கேயும் முளை கிளம்பாது. பழைய தண்டின் அடியில் கிழங்கின் கழுத்து ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான் கண்கள் இருக்கும். பிரித்து விற்கும்போது அந்தத் துண்டு வராமல் போனால் கிழங்கு மாதக்கணக்கில் கெட்டியாக இருக்கும், வேர்கூட விடும், ஆனால் தளிர் வராது. உங்கள் மூன்றையும் எடுத்துக் கழுவி, மேல்முனையைப் பாருங்கள். தண்டின் கட்டை கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா? கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்தால் தொளதொளவென்று ஆடுகிறதா? கட்டை இல்லாததையும் கழுத்து ஒடிந்ததையும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது, கழுத்தும் தண்டுக்கட்டையும் தெரிகிற மாதிரி படம் கேட்டு வாங்குங்கள்.

கட்டை உள்ள கிழங்கு இருந்தால் தொட்டியில் வைக்காமல் முதலில் எழுப்புங்கள். ஒரு தட்டில் கோகோபீட்டை நனைத்து, கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. அதில் கிழங்கைப் பாதி புதைத்து, கழுத்து வெளியே தெரியும்படி வைத்து, மழை படாத, கொஞ்சம் வெதுவெதுப்பான நிழலில் விடுங்கள். பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்தில் கழுத்தருகே வெளிர் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு பொட்டு தெரியும். சில ரகங்கள் ஆறு வாரமும் எடுக்கும். முளை அரை அங்குலம் வந்த பிறகுதான் தொட்டி.

தொட்டிக் கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. 12 அங்குல உயரத் தொட்டியில் ஆறு அங்குலம் மட்டும் நிரப்புங்கள். இந்தக் கட்டத்திலேயே முட்டுக் குச்சியை ஊன்றிவிட வேண்டும், கிழங்கு அப்புறம்தான். குச்சியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, முளை மேலே பார்க்கக் கிழங்கைப் படுக்கையாக வைத்து, முளை மூடும் அளவுக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் மண் போடுங்கள். தண்டு உயர உயர, நுனி மூடாமல் பார்த்துக்கொண்டு விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்பிக்கொண்டே வாருங்கள். கடைசியில் நாலு அங்குல ஆழம் தானாகவே கிடைத்துவிடும், தண்டின் அடியும் மண்ணுக்குள் இறுகும். தளிர் மண்ணுக்கு மேலே வரும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்துவிட்டால் மட்டும் ஓரமாக ஒரு டம்ளர். நாலு ஜோடி இலை வந்த பிறகு, துளை வழியாக வெளியே வரும் அளவு ஊற்றலாம். அடியில் தட்டு வைக்காதீர்கள்.

வாட ஆரம்பித்த செடியில் உங்கள் குச்சி கிழங்கைக் குத்தியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கிழங்குகள் தண்டைச் சுற்றி நாலு பக்கமும் பரவியிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. குச்சியை ஆட்டிப் பிடுங்காமல், அந்தப் பக்கத்து மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். குத்துப்பட்ட கிழங்கு கொழகொழவென்றிருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்து, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

சாய்ந்த செடிக்கு ஒற்றைக் குச்சி போதாது. மாடிக் காற்றில் தொட்டி மண்ணுக்குள் பத்து அங்குலம் நிற்கும் குச்சி தானே ஆடும். விளிம்பை ஒட்டி நாலடி உயரக் குச்சிகள் மூன்றை முக்கோணமாக ஊன்றி, ஓரடிக்கு ஒரு சுற்று சணல் கயிறு கட்டி அதற்குள் செடியை நிறுத்துங்கள். தண்டைக் குச்சியோடு கட்டுவதானால் பழைய சேலைக் கிழிசலை எட்டு வடிவில் சுற்றி, ஒரு விரல் நுழையும்படி விடுங்கள். டேலியாத் தண்டு உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும், கணுவில் படக்கென்று ஒடியும். காலையில் தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும்போது நிமிர்த்தவே கூடாது. மதிய வெயிலில் கொஞ்சம் துவண்டிருக்கும்போது, இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாக நிமிர்த்துங்கள்.

இனி வளர்ப்பதில் நாலாவது ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். செடி குட்டையாகப் படரும், முட்டுக்கு வேலை பாதியாகும். யூரியா போடாதீர்கள், தண்டு நீண்டு பலமில்லாமல் போகும். ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

வாடிய செடி பிழைக்காது என்று தோன்றினால் அது முழுதாகச் சுருங்கும் முன்பே, பூமொட்டு இல்லாத, உள்ளே வெற்றாகாத பக்கத்தளிர்களை மூன்று அங்குலத்தில் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.