11ஆம் திகதிப் பணமும் 1ஆம் திகதிச் செலவும்

வணக்கம் டீச்சர். நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து ஏ.எல். படிக்கிறேன். வயது 17. தோட்டத்துச் சம்பளம் போட்ட அடுத்த நாள், 11ஆம் திகதி, அம்மா 7500 ரூபா தருவார். பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு 50. சனி, ஞாயிறு டியூஷன் இரண்டு பாடம், மாதம் 1200 வீதம், முதல் கிழமையில் கட்ட வேண்டும். கென்டீனில் ஒரு நாளைக்கு 60 அளவில் போகும். ரீலோட் மாதம் ஐந்து தடவை, நூறு நூறாக. போட்டோகொப்பிக்கு 300. இதைத் தவிர பிறந்தநாள், கோயில் என்று 300 போகும். வீண் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் டியூஷன் காசு கட்டும் நாளில் கையில் போதாமல் தோழியிடம் 2000 வாங்குகிறேன். 11ஆம் திகதி திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி வாங்குகிறேன். தீபாவளிக்கு உடுப்பும் சப்பாத்தும் வாங்கிய பிறகுதான் இப்படி. எங்கே பிழை விடுகிறேன்?
— ஒரு வாசகி

மகள்,

கணக்கை ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறாய், அதனால் பதில் சொல்வது சுலபம். பாடசாலை 20 நாள், டியூஷன் 8 நாள் என்று வைத்தால் பஸ்ஸுக்கு 2800. டியூஷனுக்கு 2400. கென்டீன் 1200, ரீலோட் 500, போட்டோகொப்பி 300, மற்றவை 300. கூட்டிப் பார், சரியாக 7500. நீ வாங்குவதற்கு மேல் ஒரு ரூபாகூடச் செலவழிக்கவில்லை. அப்படியென்றால் கடன் எப்படி வந்தது? அது இந்த மாதத்துக் கடனே இல்லை. தீபாவளிக்கு ஒரே தடவை விழுந்த 2000 ரூபாப் பள்ளம் அது. 11ஆம் திகதி அதை மூடுகிறாய். மூடியதால் 5500 ரூபாயோடு 7500 ரூபா மாதத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது, அதனால் கடைசியில் அதே பள்ளம் திறக்கிறது. இப்படியே விட்டால் அடுத்த தீபாவளியிலும் அந்த 2000 உன்னோடுதான் இருக்கும். அதற்குமேல் புதுச் சப்பாத்துக் கடனும் வந்து சேரும்.

இரண்டாவது விஷயம் திகதி. உன் மாதம் 11ஆம் திகதி தொடங்குகிறது, டியூஷன் சேரின் மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது. அவருக்குப் போக வேண்டிய 2400 ரூபா மூன்று கிழமை உன் பர்ஸிலேயே கிடக்கிறது. பர்ஸில் கிடக்கும் காசுக்குப் பெயர் கிடையாது. கென்டீனில் நிற்கும்போது அதுவும் கென்டீன் காசு மாதிரித்தான் தெரியும். 11ஆம் திகதி உன் கையில் இருப்பது 7500 என்று நினைக்கிறாய். உண்மையில் டியூஷனும் பஸ்ஸும் போக உன்னுடையது 2300தான்.

அதனால் காசு வந்த அன்றே மூன்று கவரில் பிரித்துவிடு. டியூஷன் 2400 முதல் கவர். சேர் முன்கூட்டியே வாங்கிக்கொள்வார் என்றால் அந்த வார இறுதியிலேயே கட்டிவிடு, இல்லாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வை. பஸ் 2800 இரண்டாவது கவர், முடிந்தால் எல்லாம் நூறு ரூபாத் தாள்களாக. மிச்சம் 2300. அதைக் கிழமைக்கு 500 என்று நான்காகப் பிரித்து, மீதி 300ஐ 8ஆம், 9ஆம், 10ஆம் திகதிகளுக்கு வை. ஒரு மாதம் என்பது சரியாக நான்கு கிழமை இல்லை. அந்த இரண்டு மூன்று நாட்களை மறந்துவிடுவதால்தான் நிறையப் பேர் 8ஆம் திகதி கை விரிக்கிறார்கள்.

இதற்குக் கணக்குக் கொப்பி வேண்டியதில்லை. (என் மாணவர்களில் கொப்பி போட்டவர்கள் பலர் இரண்டாம் கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். அதைப் பிழை என்று நான் சொல்வதில்லை.) 25ஆம் திகதி பஸ் கவரை எண்ணிப் பார், அது போதும். இனிப் போக வேண்டிய நாட்கள் எத்தனையோ, அத்தனை நூறு ரூபாத் தாள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால்கூட வேறு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்க வேண்டி வந்தால் எடு, ஆனால் எவ்வளவு, எதற்கு என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போட்டு வை. மாதக் கடைசியில் அந்தத் துண்டுகளைப் பார்த்தாலே ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

இனி அந்த 2000. முதலில் தோழியிடம் பேசு. இந்த 11ஆம் திகதி 1000, அடுத்த மாதம் 1000 என்று இரண்டு தடவையாகத் தரலாமா என்று கேள். முழுதாகக் கொடுத்து முழுதாகத் திருப்பி வாங்குவதைவிட அவளுக்கும் அது நல்லது. ஆனால் அந்த ஆயிரத்தை எங்கிருந்து எடுப்பது? நீ எழுதியதில் பெரிய துண்டு பஸ்தான். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் உண்டு. பாடசாலை நாட்களுக்கு இப்போது நீ கொடுக்கும் 2000 ரூபாவில் பாதிதான் மிஞ்சுகிறது என்று வைத்தாலும் ஆயிரம் கிடைக்கும். உன் ரூட்டுக்கான சரியான விலையை டிப்போவில் கேட்டுக்கொள்.

ஆனால் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. காலையில் உங்கள் தோட்டப் பக்கம் இ.போ.ச. பஸ் நம்பகமாக வருகிறதா என்று முதலில் ஒரு கிழமை கவனி. கிழமைக்கு மூன்று நாள் அது வராமல் தனியார் பஸ்ஸில் ஏறினால், சீசனுக்கும் கொடுத்து டிக்கெட்டுக்கும் கொடுப்பாய், இப்போதையதைவிட மோசம். அப்படியென்றால் சீசனை விட்டுவிட்டு கென்டீனைப் பார். கிழமையில் மூன்று நாள் வீட்டு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் 12 நாளுக்கு 720 ரூபா மிஞ்சும், கடன் மூன்று மாதத்தில் தீரும். ரொட்டி கட்டிக்கொண்டு போவதற்கு உன் வயதில் வெட்கம் வரும், தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொண்டு வந்தால் அது போய்விடும். ரீலோட்டை நூறு நூறாகப் போடுவதையும் ஒரு தடவை யோசி. சின்னப் பேக்கேஜ்கள் சில நாளில் காலாவதியாகிவிடும், மீதி டேட்டாவும் அதோடு போய்விடும்.

கடன் தீர்ந்த பிறகும் அந்த மிச்சத்தைச் செலவில் கலக்காதே. வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகளை எழுதிப் பார். சப்பாத்து 4500, கடந்தகால வினாத்தாள் புத்தகங்கள் 2100, தீபாவளி உடுப்பு 3000 என்று வைத்தால் 9600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 800. அதுதான் நான்காவது கவர். போன வருடமே அது இருந்திருந்தால் நீ இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். சீசன் கிடைத்தால் 800 சுலபமாக வரும். ரொட்டி வழிதான் என்றால் 720தான் வரும், அதற்கு ஏற்ற மாதிரி உடுப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் அம்மாவோடு இப்போதே பேசி வை. ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் கொழுந்து குறையும். வேலை நாள் குறைந்தால் சம்பளமும் குறையும். தீபாவளி முற்பணத்தையும் அதற்குப் பிந்திய சம்பளங்களில்தான் வெட்டுவார்கள். அந்த மாதங்களில் 7500க்குப் பதில் 6000 வரலாம். அந்த 1500 ரூபா டியூஷனிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் குறையாது, முழுதும் உன் 2300லிருந்துதான் குறையும், கையில் நிற்பது 800. அப்படி ஒரு மாதம் வந்தால் நான்காவது கவருக்கு எதுவும் போடாதே, கென்டீனை நிறுத்து, ரீலோட் ஒன்றோ இரண்டோ போதும். "இந்த மாதம் எவ்வளவு வரும்?" என்று அம்மாவிடம் சம்பளத்துக்கு முன்பே கேட்டுக்கொள். பெற்றோர் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தயங்குவார்கள். நீ கேட்டால் சொல்வார்கள்.

அன்புடன்,
டீச்சர்