கெய்ரோவின் அறிவு இல்லம் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்னை மண்ணடியில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் போரா நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர்கள் இஸ்மாயிலி ஷியாக்கள் என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். இஸ்மாயிலிகளைப் பற்றித் தேடியபோது ஒரு காணொளி கிடைத்தது. கெய்ரோவில் ‘ஞான இல்லம்’ என்ற பெயரில் ரகசியப் பள்ளி நடத்தினார்களாம். மாணவனை ஒன்பது படிகளில் ஏற்றிக்கொண்டுபோய், கடைசிப் படியில் மதமே பொய் என்று சொல்லிவிடுவார்களாம். நண்பரிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் அங்கே என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்?

ர., சென்னை

அன்புள்ள ர.,

அந்த ஒன்பது படிகளுக்கு ஆயிரம் வயது ஆகிறது. 10ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் இருந்த அகூ முஹ்ஸின் என்பவர் இஸ்மாயிலிகளைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். படிக் கதை அதில் வருகிறது. மூலநூல் இன்று கிடைப்பதில்லை. பிற்கால வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக 15ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எழுதிய மக்ரீஸி, எடுத்துக்காட்டிய பகுதிகள் வழியாகவே அது நமக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தங்கள் ஊர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் சாயலையும் பூசிவிட்டார்கள். நீங்கள் பார்த்த காணொளி அந்த வரிசையில் கடைசிப் பேரன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையை மறுக்கத் தேவையான சான்றும் அதே மக்ரீஸியிடமே இருக்கிறது. அப்போது எகிப்தை ஆண்ட இஸ்மாயிலி அரசமரபான ஃபாத்திமிகளின் கலீஃபா ஹாக்கிமின் அரசவையில் பணிபுரிந்த முஸப்பிஹி தன் காலத்து நிகழ்ச்சிகளை விரிவாக எழுதிவைத்திருந்தார். அந்தப் பெரிய நூலில் மிகச் சொற்பமே இன்று மிஞ்சியிருக்கிறது. மக்ரீஸி அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துத் தன் நூலில் சேர்த்ததால் நாம் தப்பித்தோம்.

முஸப்பிஹி சொல்வதைப் படித்தால் முதலில் தெளிவாவது இதுதான்: கெய்ரோவில் இருந்தவை இரண்டு வேறு வேறு ஏற்பாடுகள். ஒன்று நூலகம், இன்னொன்று பாடம். இரண்டின் பெயரிலும் ‘ஹிக்மா’, அதாவது ஞானம், என்ற சொல் வருவதால் பின்னால் வந்தவர்கள் குழப்பிக்கொண்டார்கள்.

நூலகத்தின் பெயர் தாருல் இல்ம், அறிவு இல்லம். தாருல் ஹிக்மா என்றும் சொல்வார்கள். 1005 மார்ச்சில் ஹாக்கிம் அதைத் திறந்தார். அரண்மனை நூல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. குர்ஆன் ஓதுவோர், வானியலாளர், இலக்கண அறிஞர், மருத்துவர் எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். படிக்க வந்தவர் படிக்கலாம், பிரதி எடுக்க வந்தவர் எடுக்கலாம். மையும் பேனாவும் காகிதமும் மைக்கூடும் அங்கேயே இலவசம். ரகசியப் பள்ளி நடத்துகிறவன் வாசலைத் திறந்துவைத்து மைக்கூடு வாங்கி வைப்பானா?

அங்கே நியமிக்கப்பட்டவர்களில் ஸுன்னி அறிஞர்களும் இருந்தார்கள். ஷியா கலீஃபா ஸுன்னி அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். இதை வைத்து ஹாக்கிமுக்கு மாலை போட்டுவிட வேண்டாம். நாலைந்து வருடத்துக்குள் அந்த அறிஞர்களில் சிலரை அவரே கொல்லவும் செய்தார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நூலகத்தின் வரவு செலவுக் குறிப்பு. ஹாக்கிம் கட்டடங்களை எழுதிவைத்து, அவற்றின் வருமானத்தில் வருடத்துக்கு 257 தினார் தாருல் இல்முக்குப் போகும்படி செய்திருந்தார். தினார் என்பது தங்கக் காசு. பிரதி எடுப்பவருக்குக் காகிதம் வாங்க 90 தினார். நூலகருக்கு 48, அதாவது மாதம் 4. பணியாளுக்கு 15. தண்ணீருக்கு 12. அறிஞர்களின் காகிதம், மை, பேனாவுக்கு 12. கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்ட 12. பாய்க்கு 10. குளிர்காலத்தில் தரையில் விரிக்கக் கம்பளிக்கு 5, விரிப்புக்கு 4. கதவுத் திரைச்சீலை கிழிந்தால் தைக்க 1 தினார். கூட்டிப் பார்த்தால் 209தான் வருகிறது. மக்ரீஸிக்கும் மூலத்துக்கும் நடுவில் ஏதோ ஓர் இனம் விட்டுப்போயிருக்க வேண்டும். அது போகட்டும், காகிதத்தைப் பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரதி எடுக்கும் காகிதத்துக்கே போகிறது. நூலகர் சம்பளம் அந்தக் காகிதச் செலவில் ஏறக்குறையப் பாதி. புத்தகத்தைப் பூட்டி வைப்பதைவிடப் பெருக்குவதே அங்கே நடந்த பெரிய வேலை என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

சரி, ரகசியம் என்பதே கிடையாதா என்றால், உண்டு. அது பாடத்தில் இருந்தது.

அந்தப் பாடத்துக்கு மஜாலிஸுல் ஹிக்மா, ஞான அமர்வுகள், என்று பெயர். நடந்த இடம் அரண்மனை. நடத்தியவர் ‘தாயீ’, மார்க்கத்துக்கு அழைப்பவர். (நம் தாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) இமாமுக்கு விசுவாசமாக இருப்பேன், கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர்கள் மட்டுமே இதில் உட்கார முடியும். தாயீ வாசிக்கப்போகும் உரை முதலில் கலீஃபாவிடம் போய் ஒப்புதல் பெற்று வரவேண்டும். அவர்களுக்குக் கலீஃபாவே இமாம். சத்தியம் செய்தவர்களிலும் விசுவாசிகளுக்கு ஓர் அமர்வு, அரண்மனைப் பிரமுகர்களுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக நடந்தன. அரண்மனைப் பெண்களுக்கு அங்கேயே தனி அமர்வு உண்டு. ஊர்ப் பெண்களுக்கு அல்அஸ்ஹர் பள்ளிவாசலில். வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து குனிவார்கள். உரைத்தாளில் கலீஃபாவின் கையொப்பம் இருக்கும் இடத்தால் தாயீ அவர்கள் தலையைத் தொடுவார்.

இதற்குக் கூட்டம் எப்படி வந்தது என்றால், 995இல் காழியாக, அதாவது நீதிபதியாக, இருந்த முஹம்மது இப்னு நுஃமான் அரண்மனையில் பாடம் நடத்தியபோது நெரிசலில் சிக்கிப் 11 பேர் இறந்துபோனார்கள். அப்போதைய கலீஃபா அஸீஸ் அவர்களின் உடலைச் சுற்றி அடக்கக் கஃபன் துணி கொடுத்தார் என்கிறார் முஸப்பிஹி.

அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். இஸ்மாயிலி சிந்தனையின் அச்சாணி இரண்டு சொற்கள்: ழாஹிர், பாத்தின். வெளிப்படை, உள்ளுறை. உள்ளுறை என்றதும் சங்கப் பாட்டு ஞாபகம் வரும். பாதி தூரம் அது உதவும். அதற்குமேல் உதவாது, ஏனென்றால் இங்கே உள்பொருளைச் சொல்லும் உரிமை இமாமுக்கும் அவர் அனுமதித்தவருக்கும் மட்டுமே. அந்த விளக்கத்துக்குத் தஃவீல் என்று பெயர்.

நெரிசலில் பாடம் நடத்திய அந்தக் காழியின் தந்தை நுஃமான் (இறப்பு 974) இரண்டையும் இரண்டு நூலாகவே எழுதினார். ‘தஆயிமுல் இஸ்லாம்’, இஸ்லாத்தின் தூண்கள், வெளிப்படைக்கு. அது சட்ட நூல்: தொழுகை, நோன்பில் தொடங்கித் திருமணம், வாரிசுப் பங்கு வரை. அதே தூண்களின் உள்பொருளுக்கு ‘தஃவீலுத் தஆயிம்’. முதல் நூல் எல்லாருக்கும், இரண்டாவது அமர்வில் உட்கார்ந்தவர்களுக்கு.

நோன்பையே எடுத்துக்கொள்வோம். வெளிப்படையில், விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை உண்ணாமல் பருகாமல் இருப்பது. உள்ளே, தகுதி பெறாதவரிடம் உள்பொருளைச் சொல்லாமல் வாயைக் கட்டுவது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி உளூ செய்யும் தண்ணீருக்கு உள்ளே அறிவு என்று பொருள். உடலைத் தண்ணீர் கழுவுகிறது, மனத்தின் ஐயத்தையும் பிழையையும் அறிவு கழுவுகிறது. உள்பொருள் தெரிந்தவன் உளூவை விட்டுவிடலாமா? கூடாது. செயலால் செய்யும் வணக்கம், அறிவால் செய்யும் வணக்கம், இரண்டும் வேண்டும் என்று ஹாக்கிம் காலத்துத் தத்துவவாதி கிர்மானி திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். ஒன்று இல்லாமல் இன்னொன்று செல்லாது.

ஒன்பது படிக் கதை உடைவது இங்கேதான். கடைசியில் தொழுகையைத் தூக்கிப் போடுவது நோக்கமென்றால், ஆரம்பத்தில் அவ்வளவு பெரிய சட்ட நூல் எதற்கு? ஆனால் எதிரி வெறுங்கையால் முழம் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாணவனின் பக்குவம் பார்த்துச் சிறிது சிறிதாகச் சொன்னது உண்மை. சட்டத்தைக் கைவிட்டவர்கள் இயக்கத்தின் ஓரங்களில் இருந்ததும் உண்மை. கிர்மானி அத்தனை முறை வலியுறுத்தியதே அவர்களை மனத்தில் வைத்துத்தான்.

இன்னொரு திருத்தம். நூலகமும் பாடமும் கடைசிவரை தனித்தனியாகவே இருந்துவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் தலைமைத் தாயீயாக இருந்த முஅய்யத் ஷீராஸி தாருல் இல்மிலேயே குடியிருந்தார், 1078இல் இறந்தபோது அங்கேயே அடக்கமானார். அவருடைய 800 அமர்வு உரைகள் நூறு நூறாக எட்டுத் தொகுதிகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றன.

கிடைத்தது எப்படி என்பதுதான் உங்கள் நண்பரிடம் கொண்டுவந்து விடுகிறது. 1068இல் எகிப்தில் பஞ்சம், அரசிடம் பணமில்லை. சம்பள பாக்கிக்காகப் படையினரும் அதிகாரிகளும் அரண்மனை நூல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே நாளில் 25 ஒட்டகச் சுமை போனதைப் பார்த்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. தோல் அட்டைகளைக் கிழித்துச் செருப்புத் தைத்துக்கொண்டு தாள்களை எரித்தார்கள். எரியாமல் கிடந்தவற்றின் மேல் மணல் மூடி மேடாகிவிட்டது. ‘புத்தகக் குன்றுகள்’ என்றே அதற்குப் பெயர். மிச்சத்தை, 1171இல் ஃபாத்திமி ஆட்சியை முடித்துவைத்த ஸலாஹுத்தீன் காலத்தில் விற்றுத் தீர்த்தார்கள்.

ஆனால் அந்தக் கொள்ளைக்குக் கொஞ்சம் முன்பு யெமனிலிருந்து லமக் இப்னு மாலிக் என்ற காழி தூதராகக் கெய்ரோ வந்திருந்தார். சுமார் ஐந்து வருடம் முஅய்யதிடமே தங்கிப் படித்தார். திரும்பும்போது பாடங்களும் நூல்களும் அவரோடு யெமனுக்குப் போயின. அப்புறம் இயக்கம் பிளந்தது. 1094இல் பிரிந்த நிஸாரிகள்தான் ஈரானின் அலமூத் கோட்டைக்காரர்கள், இன்றைய ஆகா கான் பிரிவு. காணொளிகளில் வரும் கத்தியால் குத்திக் கொல்லும் கதைகள் எல்லாம் அவர்களைப் பற்றியவை. அலமூத் நூலகத்தை 1256இல் மங்கோலியர் அழித்தார்கள். யெமன்காரர்கள் வேறு கிளை. அவர்கள் பிரதி மேல் பிரதி எடுத்துக் காப்பாற்றியவை பிறகு குஜராத்துக்கு வந்தன. ஸூரத் போன்ற ஊர்களில் போரா குடும்பங்களின் பெட்டிகளில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதிகள் 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர் கைக்கு வந்த பிறகே, இஸ்மாயிலிகளை அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது.

நண்பரிடம் ஒன்பது படியைப் பற்றிக் கேட்க வேண்டாம். தஆயிமுல் இஸ்லாம் தெரியுமா என்று கேளுங்கள். அவர் வீட்டுத் திருமணமும் சொத்துப் பங்கும் இன்றும் அந்த நூலின்படிதான்.