தெரியாமல் போகும் 1,800 ரூபாய்

"ஆறு வருடமாக ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். மகளின் படிப்புக்காக மாதம் 2,000 ஒதுக்க நினைக்கிறேன். 20ஆம் தேதிக்குள் கையிருப்பு கரைந்துவிடுகிறது. பி.எஃப். 1,800 பிடிக்கிறார்கள், அது போவதே தெரிவதில்லை. ஏப்ரலில் 4,000 கூடும், அப்போது தொடங்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு மனவுறுதி இல்லையா?"
– வாசகர், ஈரோடு

மனவுறுதியை விடுங்கள். "அது போவதே தெரிவதில்லை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். பி.எஃப். என்பது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். 40,000 ரூபாயில் அது 4,800 அல்லவா? கட்டாயப் பிடித்தத்துக்கான சம்பள உச்சவரம்பாக 2014இல் வைக்கப்பட்ட 15,000 ரூபாயில் மட்டும் 12 சதவீதத்தைக் கணக்கிட்டு, யாரோ உங்கள் பெயருக்கு நேரே 1,800 என்று போட்டிருக்கிறார்கள். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் நீங்கள், சொந்தச் சம்பளச் சீட்டில் அந்த ஒரு வரியை ஆறு வருடமாக ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் 72 மாதங்களில் உங்கள் பங்காக 1,29,600 ரூபாய் சேர்ந்திருக்கிறது. நீங்கள் முடிவெடுக்காத பணம் சேர்ந்தது. மாதாமாதம் முடிவெடுத்த பணம் கரைந்தது.

நாம் வாய் திறக்காவிட்டால் தானாக நடக்கும் ஏற்பாட்டுக்கு இருக்கும் வலிமை இது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஓய்வூதியச் சேமிப்பை மாட்ரியன், ஷே என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். விண்ணப்பித்தால்தான் சேரலாம் என்றிருந்தபோது புதிய ஊழியர்களில் 49 சதவீதத்தினரே சேர்ந்திருந்தனர். வேண்டாதவர் எழுதிக் கொடுக்கட்டும், மற்றவர்கள் தானாகச் சேர்க்கப்படுவார்கள் என்று மாற்றியதும் அது 86 சதவீதமானது. ஆனால் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சம்பளத்தில் இவ்வளவு என்று நிறுவனம் குறித்துவைத்த 3 சதவீதத்திலேயே தங்கிவிட்டார்கள். உங்கள் 1,800 அந்த 3 சதவீதத்தின் தம்பி.

ஏப்ரல் பேச்சையும் நான் நம்பவில்லை. மார்ச்சில் இருந்துகொண்டு ஏப்ரல் பணத்தைத் தியாகம் செய்வது எவருக்கும் எளிது. அந்த 4,000 கைக்கு வந்த பிறகு அது இன்றைய பணம், மகளின் கல்லூரியோ என்றோ வரப்போவது. நிகழ்காலச் சாய்வு என்று பொருளியலார் சொல்வது இதைத்தான். பிள்ளையின் படிப்பை மாதக் கடைசி மிச்சத்துக்கு விட்டுவைப்பது தகப்பன் செய்கிற காரியமல்ல என்பது என் கட்சி.

ஆகவே மனம் எளிதாக இருக்கும் இப்போதே கையெழுத்திடுங்கள். கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நாமே விரும்பி பி.எஃப்.பில் கூடுதலாகப் போடுவதற்கு வி.பி.எஃப். என்று பெயர். "ஏப்ரல் சம்பளத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய் வி.பி.எஃப். பிடிக்கவும்" என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உயர்வு 4,000, பிடித்தம் 2,000 என்றால் வீட்டுக்கு வரும் தொகை குறையாது. வரி போக ஏறத்தாழ 2,000 கூடவே வரும். பி.எஃப்.புக்குரிய வட்டியே இதற்கும் கிடைக்கும். நிறுவனம் தன் பங்காக ஈடு போட வேண்டியதில்லை. நிதியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே இந்த மாற்றத்தை ஏற்கும் அலுவலகங்கள் பல உண்டு. அங்கே ஏப்ரலைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இந்தப் பணம் முழுவதையும் நினைத்தபோது எடுக்க முடியாது. மேற்படிப்புக்கு ஒரு பகுதியை எடுக்க விதிகளில் இடம் உண்டு. ஆனாலும் வங்கிக் கணக்கைப் போல இது உடனே கைக்கு வராது என்பதால், மருத்துவச் செலவுக்கென்று இரண்டு மாதச் சம்பளமாவது வங்கியில் தனியே இருக்கிறதா என்று முதலில் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். இல்லையென்றால் அதே 2,000ஐ, சம்பளம் வரும் நாளிலேயே வங்கி தானாக எடுத்துக்கொள்ளும் தொடர் வைப்புக்கு எழுதிக் கொடுங்கள். அது நிறைந்த பிறகு வி.பி.எஃப்.புக்கு மாற்றலாம்.