8 மி.மீ. பின் ஏன் வளைகிறது: ஃபோர்க் மூட்டுக்கு பின், ஸ்பிளிட் பின் துளை, முனைத் தூரம்

கேள்வி: "கால் மிதி பஞ்சிங் மெஷின் ஒன்று செய்திருக்கிறேன். மிதி லீவரிலிருந்து இழுக்கும் ராடு ஃபோர்க்கில் முடிகிறது. ஃபோர்க் 24 மி.மீ. சதுரக் கம்பி, நடுவில் 12 மி.மீ. வெட்டு. உள்ளே போகும் பட்டை 8 மி.மீ. கனம். லீவர் 6 மடங்கு, மிதிப்பு 50 கிலோ வரை. 8 மி.மீ. பின் வளைந்துவிட்டது. 10 போடுவதா, 12 போடுவதா? ஸ்பிளிட் பின்னுக்கு எந்த டிரில், முனையிலிருந்து எவ்வளவு தள்ளி?"

12 போடுங்கள். ஸ்பிளிட் பின் துளை 3.2 மி.மீ., துளை மையத்திலிருந்து பின் முனைவரை குறைந்தது 5.5 மி.மீ. இருக்க வேண்டும். எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். நாளைக்கு ஃபோர்க் அளவு மாறினால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள உதவும்.

50 கிலோவை 6 மடங்கு ஆக்கினால் ராடில் 300 கிலோ, அதாவது ஏறக்குறைய 3000 நியூட்டன். பின் இரண்டு இடத்தில் அறுபட வேண்டும் என்பதால் அறுப்புக்கு 8 மி.மீ. தாராளமாகப் போதும்: சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன்தான் வருகிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பின் அறுபடவில்லை, வளைந்தது. வளைவுக் கணக்கு வேறு.

வளைவு முழுக்க ஃபோர்க் கன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. கன்னம் 6 மி.மீ., இடைவெளி 2 மி.மீ., பட்டை 8 மி.மீ. சுமையில் பாதியை, கன்னத்தில் பாதி, இடைவெளி, பட்டையில் கால் பங்கு மூன்றின் கூட்டுத்தொகையால் பெருக்குங்கள்:

```
M = F/2 × (கன்னம்/2 + இடைவெளி + பட்டை/4)
  = 1500 × (3 + 2 + 2) = 10500 N·mm
தகைவு = 32 × M / (π × d³)
```

d 8 என்றால் தகைவு சதுர மி.மீ.க்கு 209 நியூட்டன், 10 என்றால் 107, 12 என்றால் 62. மூன்றாம் அடுக்கு இருப்பதால் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே நிறையக் குறைகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் 250-ஐ ஒட்டி நிரந்தரமாக வளையத் தொடங்கும். நிதானமாக மிதித்தால் 8 தாங்கியிருக்கும். ஆனால் காலை ஓங்கி மிதிக்கும் மெஷினில் சுமை நொடிப்பொழுதில் இரட்டிப்பாகலாம். அப்போது 8-க்கு 400-க்கு மேல் போகிறது, வளைந்ததில் ஆச்சரியம் இல்லை. 10-க்கு 214, விளிம்பில் நிற்கிறது. 12-க்கு 124. அதனால்தான் 12.

இன்னொரு காரணம் தேய்மானம். ஒவ்வொரு மிதிக்கும் பட்டை பின்மேல் ஆடுகிறது. 8 மி.மீ. பட்டையில் 12 பின் போட்டால் அழுத்தம் 3000-ஐ 12 × 8-ஆல் வகுத்து 31. பட்டையை 12 மி.மீ. வெட்டை நிறைக்கும் கனத்துக்கு மாற்றினால் 21 ஆகிவிடும். கிரீஸ் மட்டும் போட்டு ஓடும் மூட்டில் நான் 25-க்கு மேல் விடுவதில்லை. ஆகவே பட்டையை வெட்டுக்குள் அரை மி.மீ. லூசாக நிற்கும்படி மாற்றுவது நல்லது. மாற்ற முடியாவிட்டால் இரு பக்கமும் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வளையத்தைப் பட்டையோடு வெல்டு செய்து, ஒன்றாகச் சேர்த்துத் துளையை ரீமர் போடுங்கள். வெறும் வாஷரை இடைவெளியில் செருகினால் பட்டை நடுவில் நிற்கும், அவ்வளவுதான். சுமை அப்போதும் அந்த 8 மி.மீ.யில்தான் இறங்கும், வளைவு குறையாது.

துளையை 12-க்குப் பெரிதாக்குமுன் ஃபோர்க் நுனியைப் பாருங்கள். துளை மையத்திலிருந்து நுனிவரை 12 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் புது ஃபோர்க்தான். 11.8 டிரில் போட்டு 12 ரீமரில் முடியுங்கள். நேரே 12 டிரில் போட்டால் துளை பெரிதாகி பின் முதல் நாளே ஆடும்.

சரி, ஸ்பிளிட் பின். அதை வாங்கும்போது சொல்லும் எண் துளையின் அளவு, கம்பியின் அளவு இல்லை. 3.2 ஸ்பிளிட் பின்னை வெர்னியரில் பிடித்தால் 2.7-லிருந்து 2.9 வரைதான் காட்டும். இது தெரியாமல் 2.9-ஐ அளந்து 3 டிரில் போடுபவர்கள், கொஞ்சம் பிசிறு இருந்தாலும் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டிய நிலைக்கு வருவார்கள். மூட்டுப் பின்களுக்கான ஐஎஸ்ஓ 2341 அட்டவணையில் பின் விட்டம் 10, 12 இரண்டுக்கும் 3.2 துளை, 8-க்கு 2 துளை, 14-க்கும் 16-க்கும் 4 துளை. சுமை இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தால் அடுத்த பெரிய அளவுக்குப் போவது வழக்கம். உங்கள் ராடு ஒரே பக்கம் இழுக்கிறது, 3.2 போதும்.

துளை எங்கே வர வேண்டும் என்பதைத் தலையிலிருந்து அளந்து முடிவு செய்யுங்கள். ஃபோர்க் 24, எம்12 வாஷர் 2.5, மொத்தம் 26.5. சதுரக் கம்பி கொஞ்சம் அதிகமாகவும் வாஷர் தடிமனாகவும் வரலாம், 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் கொஞ்சம் விட்டு 27.4-ல் துளையின் உள் விளிம்பு. பாதித் துளை 1.6 கூட்டினால் தலைக்கு அடியிலிருந்து துளை மையம் 29. அதோடு 5.5 சேர்த்தால் 34.5. பின் நீளங்களில் 35 கிடைக்கும், முனைக்கு 6 மி.மீ. மிஞ்சும்.

அந்த 5.5-ஐக் குறைக்காதீர்கள். பின் தலைப்பக்கமாக வெளியே வரப் பார்க்கும்போது ஸ்பிளிட் பின்னைத் தடுத்து நிற்பது துளைக்கும் முனைக்கும் நடுவே மீதியுள்ள இரும்புதான். மையத்திலிருந்து 5.5 என்றாலும் துளை விளிம்பிலிருந்து 3.9-தான், அதிலும் முனையில் சாய்வு கடைந்திருந்தால் ஓரத்தில் இன்னும் குறையும். இந்தப் பக்கம் நீளம் கூடினால் பரவாயில்லை. தலைப்பக்கத் தூரம் கூடினால்தான் தொல்லை: கடையில் 40 நீளத்தில் துளையோடு வாங்கினால் துளை 34.5-ல் வரும், பின் 6 மி.மீ. முன்னும் பின்னும் நகர்ந்து ஸ்பிளிட் பின் காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

துளை போடும்போது பின்னை வி பிளாக்கில் வைத்து, சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் 2 டிரில், அப்புறம் 3.2. பிறகு அதே டிரில்லின் மழமழப்பான தண்டைத் துளையில் செருகி, இரு பக்கமும் பின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாக இருந்தால் துளை மையம் தப்பியிருக்கிறது. இரு வாயிலும் உள்ள பிசிறைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதோடு பின்னைத் தள்ளினால் ரீமர் போட்ட துளையில் நீளமாகக் கோடு விழும்.

ஸ்பிளிட் பின் 3.2 × 25 வாங்குங்கள். ஒரு காலை முனைக்கு மேலே, மற்றதைக் கீழே மடக்குங்கள். ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். மூட்டுப் பின் செங்குத்தாக நின்றால் தலை மேல் பக்கம் வரட்டும், ஸ்பிளிட் பின் போனாலும் பின் கீழே விழாது.

ஒரு மாதம் ஓடியதும் பின்னைக் கழற்றுங்கள். கையால் வராமல் தட்டி எடுக்க வேண்டியிருந்தால் வளைந்திருக்கிறது. கன்ன விளிம்பு படும் இடத்தில் நகம் மாட்டும் அளவு படி விழுந்திருந்தால் அழுத்தம் அதிகம். கிரீஸ் போதவில்லை, அல்லது பட்டை இன்னும் மெல்லியதாக இருக்கிறது.